மார்ஜின் கடனில் பங்கு வாங்கினால் லாபம் எவ்வளவு, மார்ஜின் கால் எந்த விலையில் வரும்?

கேள்வி: கோத்தகிரியில் சின்ன தேயிலைத் தோட்டம் வச்சிருக்கேன். கையில் 1 லட்சம், தரகர் கடன் 1 லட்சம், வட்டி 12%. 200 ரூபாய் பங்கு 1,000 வாங்கலாமா? எந்த விலையில் மார்ஜின் கால் வரும்?

பதில்: ஓராண்டில் விலை 230 ஆனால் பங்கின் மதிப்பு 2,30,000. கடனும் வட்டியும் 1,12,000 போக மீதி 1,18,000, அதாவது 18% லாபம். கடனே இல்லாமல் வாங்கியிருந்தாலும் 15% வந்திருக்கும். விலை 170க்கு இறங்கினால் மிஞ்சுவது 58,000தான், 42% நஷ்டம். கூடுதல் 3%க்கு இந்த ஆபத்து எனக்கு அதிகமாகவே படுகிறது. 212ஐத் தாண்டினால்தான் லாபமே தொடங்கும் (தரகுக் கட்டணம் தனி).

பங்கு மதிப்பில் உங்கள் சொந்தப் பணம் தரகர் வைத்த குறைந்தபட்சச் சதவீதத்துக்குக் கீழே போனால், கூடுதல் பணம் கேட்டு வரும் அழைப்புதான் மார்ஜின் கால்; அந்தச் சதவீதம்தான் பராமரிப்பு மார்ஜின். அழைப்பு வரும் விலைக்கு, கடன் பாக்கியைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்து, அதை (1 − பராமரிப்பு மார்ஜின்) ஆல் மறுபடி வகுக்க வேண்டும். பராமரிப்பு மார்ஜின் 30% என்று வைத்தால் 100 ÷ 0.70 = 142.86. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வட்டியைக் கட்டாமல் விட்டால் அது கடனோடு சேர்ந்து, ஆண்டு முடிவில் 112 ÷ 0.70 = 160 ஆகிவிடும். பங்கு விலை அசையாவிட்டாலும் மார்ஜின் கால் விலை மேலே வருகிறது. உங்கள் தரகரின் சதவீதத்தை ஒப்பந்தத்தில் பார்த்துப் போடுங்கள்.

ஆண்டு முடிவில் விலை 150 என்றால் அதில் உங்கள் சொந்தப் பணம் 38,000, தேவை 45,000. ரொக்கமாக 7,000 கட்டினால் போதும். விற்றுச் சரிசெய்ய 156 பங்கு, சுமார் 23,400 ரூபாய்க்கு விற்க வேண்டும். அவகாசம் பெரும்பாலும் ஓரிரு நாள்தான், இலைப் பணம் வரும்வரை தரகர் காத்திருக்க மாட்டார். உறைபனி மாதங்களில் அந்தப் பணமும் குறைவு. அதனால் அந்த 7,000ஐத் தனியாக வைத்துவிட்டு, கடனை 50,000க்குள் நிறுத்துங்கள்.