ஐந்தாவது ஸ்கிரீன் எங்கிருந்து வந்தது?

கேள்வி: கல்லூரி பேட்ச் வெள்ளி விழாவுக்கு 60 டி-ஷர்ட், நேவி ப்ளூ. முன்னால் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கலரில் லோகோ, பின்னால் வெள்ளையில் பேட்ச் பெயர். ஒருவர் பீஸ் 250 ரூபாய், அதோடு ஸ்கிரீனுக்கு 400 வீதம் செட்டப் 2,000 என்கிறார். நாலு கலருக்கு 1,600தானே வரவேண்டும்? இன்னொருவர் செட்டப்பே கிடையாது, பீஸ் 275, ஆனால் குறைந்தது 100 எடுக்க வேண்டும் என்கிறார். அவரிடம் 100ஆகவே எடுத்துவிடலாமா?
— விழாக் குழுவில் ஒருவர், திண்டுக்கல்

பதில்:

100 எடுக்காதீர்கள். முதல் ஆளிடமே போங்கள். ஆனால் அந்த ஐந்தாவது ஸ்கிரீனைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள்.

திருப்பூரில் 26 வருடமாக பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது "கலர் நாலுதானே, ஏன் அஞ்சு ஸ்கிரீன்?" என்று சண்டைக்கு வருகிறார். ஸ்கிரீன் பிரிண்டில் ஒரு கலருக்கு ஒரு சட்டம். சட்டத்தில் வலை கட்டி, மருந்து பூசி, படத்தின் ஃபிலிமை மேலே வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், அந்தக் கலர் போகவேண்டிய இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதை டி-ஷர்ட் மேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் இழுப்பார்கள். அடுத்த கலருக்கு அடுத்த சட்டம். ஒன்றின் மேல் ஒன்று நூல் பிசகாமல் உட்கார வைப்பதற்கே அரை நாள் போய்விடும். நீங்கள் 6 பீஸ் கேட்டாலும் 600 கேட்டாலும் இந்த வேலை ஒன்றுதான். அதற்கான கூலிதான் செட்டப். சிலர் ஸ்கிரீன் சார்ஜ் என்பார்கள், சிலர் டிசைன் சார்ஜ் என்பார்கள். எங்கள் தொழிலில் ஆளுக்கு ஒரு பெயர். பொதுவான ரேட் கார்டு என்று ஒன்று வைக்க இத்தனை வருடத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. குழப்பம் இருந்தால்தானே இடையில் நிற்பவருக்குப் பிழைப்பு.

சரி, ஐந்தாவது ஸ்கிரீன். நேவி ப்ளூ துணி மேல் மஞ்சளை நேராக இழுத்தால் மஞ்சள் வராது, அழுக்குப் பச்சை மாதிரி ஏதோ வரும். சிவப்பு செங்கல் நிறத்தில் செத்துப்போய் நிற்கும். அதனால் கலர் விழுகிற இடத்தில் முதலில் வெள்ளை அடித்து, கொஞ்சம் காயவைத்து, அதன் மேல்தான் கலர் போடுவோம். சுவரில் பெயிண்ட் அடிக்கும் முன் பிரைமர் அடிப்பதுபோல. இதை பேஸ் என்போம். அதற்கும் ஒரு சட்டம் வேண்டும். கறுப்பு, நேவி, பாட்டில் கிரீன், மெரூன் என்று எந்த அடர் நிறத் துணிக்கும் இதுதான் கணக்கு. வெள்ளைத் துணியாக இருந்தால் பேஸ் வேண்டாம். ஆகவே அவர் ஐந்து என்று சொன்னது கற்பனை இல்லை.

ஆனால் உங்கள் லோகோவில் வெள்ளையே ஒரு கலராக இருக்கிறதே. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அடியில் போகிற வெள்ளையும், லோகோவில் வெளியே தெரிகிற வெள்ளையும் ஒரே மை. இரண்டையும் ஒரே சட்டத்தில் திறந்துவிட்டால் முடிந்தது. வெள்ளை விழும், அதில் ஒரு பகுதி மேல் மஞ்சள் ஏறும், ஒரு பகுதி மேல் சிவப்பு ஏறும், மீதி அப்படியே வெள்ளையாக நிற்கும். முன்பக்கத்துக்கு மூன்று சட்டம் போதும். பின்பக்கம் வெள்ளை எழுத்து மட்டும் என்பதால் அதற்கு பேஸ் பேச்சே இல்லை. மொத்தம் நாலு.

"பேஸ் வெள்ளை மங்கலாத் தெரியும் சார், பளிச்சுன்னு வேணும்னா தனியாத்தான் போடணும்" என்று அவர் சொல்லக்கூடும். ஒரு இழுப்பில் மங்கலாகத் தெரியும் என்பது நிஜம். அதற்கு அதே சட்டத்தை வைத்து, நடுவில் காயவிட்டு, இரண்டாவது தடவை இழுத்தால் போதும். இழுப்புக் கூலி கேட்டால் கொடுங்கள், நியாயம். புதுச் சட்டத்துக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லோகோவின் வெள்ளையில் மயிரிழை மாதிரி மெல்லிய கோடுகள் இருந்தால் மட்டும் அவர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டு முறை இழுத்தால் அந்தக் கோடுகள் அப்பிக்கொள்ளும். கல்லூரி லோகோ என்றால் விளக்கு, புத்தகம், சுற்றிலும் பொடி எழுத்து என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நெஞ்சுக்கு மேல் யாரும் குனிந்து படிக்கப் போவதில்லை.

இப்போது பணம். அவருடைய 250ஐப் பிரித்தால் டி-ஷர்ட் 190, ஐந்து கலருக்கு 12 வீதம் 60 என்று ஏறக்குறைய வரும் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தப் பிரிவைக் கட்டாயம் அவரிடமே எழுதி வாங்குங்கள். 60 பீஸுக்கு 15,000, செட்டப் 2,000, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் 850. மொத்தம் 17,850, அதாவது பீஸ் 297 ரூபாய் 50 காசு. ஒரு சட்டம் குறைந்தால் செட்டப்பில் 400, பிரிண்ட் கூலியில் 720, வரியோடு சேர்த்து 1,176 ரூபாய் மிச்சம். சிவப்பையும் எடுத்துவிட்டு வெள்ளையும் மஞ்சளும் மட்டும் வைத்தால் இன்னொரு 1,176 குறைந்து பீஸ் 258 ரூபாய் 30 காசில் வந்து நிற்கும். நேவி மேல் மஞ்சளும் வெள்ளையும் தனி அழகு, ஆனால் அது உங்கள் குழு முடிவு செய்யவேண்டியது.

செட்டப் இல்லை என்கிறவரின் கணக்குக்கு வருவோம். சட்டம் இல்லாமல் அவரும் அடிக்க முடியாது. அதே 2,000ஐ 100ஆல் வகுத்து, பீஸுக்கு 20 ரூபாயை 275க்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அதை எடுத்துவிட்டால் 255. முதல் ஆளைவிட ஐந்து ரூபாய் கூடுதல்தான். 100 பீஸுக்கு வரியோடு 28,875 ரூபாய் போகும். போடப்போவது 60 பேர் என்றால் ஆளுக்கு 481 ரூபாய் விழுகிறது. மீதி 40 சட்டையில் உங்கள் பேட்ச் பெயர் இருக்கும். அதை வேறு யார் போடுவார்? போன வருடம் ஒரு விழாக் குழு இப்படி வாங்கிய சட்டைகள் இப்போது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் மூட்டையாகக் கிடக்கின்றன. சைஸ் எல்லாம் எஸ். மீந்து போவது எப்போதும் எஸ்தான்.

"எண்ணிக்கை கூடினா ரேட் பாதியாகும்" என்று ஆசை காட்டுவார்கள். குறைவது முக்கியமாக செட்டப் பங்குதான். ஐந்து ஸ்கிரீனின் 2,000 ரூபாய், 20 பீஸுக்குத் தலைக்கு 100, 60க்கு 33, 200க்கு 10, 500க்கு 4. ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கும், 200க்கு மேல் அதில் பிழிய ஒன்றுமில்லை. டி-ஷர்ட் விலை கொஞ்சம் இறங்கும், அதுவும் மொத்தமாக எடுத்தால். பாதி விலை என்று ஒருவர் சொன்னால் துணியில் கை வைக்கப் போகிறார் என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வருவதும் அங்கேதான். பட்டறையே இல்லாமல், போனில் நாலு சாம்பிள் படம் வைத்துக்கொண்டு ஆர்டர் பிடிக்கிற இடைத்தரகர்கள் துணி 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை என்று சொல்லி 150 அனுப்புவார்கள். கையில் தொட்டால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவரிடம் அதே துணியில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு கேளுங்கள். தெரிந்த நகைக்கடையில் கொடுத்து எடை போடுங்கள். 180 என்றால் 1.8 கிராம் இருக்கவேண்டும். 1.5 காட்டினால் துணி 150. அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்து, சரக்கு வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த தந்திரம் டி.டி.எஃப். இதில் படத்தை ஃபிலிமில் அச்சடித்து, சூடு வைத்து அழுத்தி ஒட்டுவார்கள். சட்டமே தேவையில்லை, எத்தனை கலரானாலும் பரப்பளவுக்குத்தான் காசு. பத்துப் பதினைந்து பீஸுக்கு அது நல்ல வழி, குறை சொல்லமாட்டேன். உங்களிடம் ஐந்து ஸ்கிரீன் செட்டப் வாங்கிக்கொண்டு இதை ஒட்டிக் கொடுப்பதுதான் திருட்டு. தடவிப் பாருங்கள். லோகோ முழுக்க ஒரே தாள் மாதிரி வழுவழுவென்று, ஓரத்தில் ஒரு விளிம்போடு இருந்தால் அது ஒட்டியது. ஸ்கிரீன் பிரிண்டில் ஒரு கலர் முடிந்து அடுத்தது ஏறும் இடத்தில் சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்படும். எதுவானாலும் முழு ஆர்டர் ஓடும் முன் உங்கள் நேவி துணியிலேயே ஒரு மாதிரி அடித்துக் கேளுங்கள். இங்கே ஸ்ட்ரைக் ஆஃப் என்றால் புரியும். இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். மை விரிசல் விட்டால் சரியாகச் சூடு காட்டவில்லை. ஒரு தடவை துவைத்தும் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

பில் வேண்டாமென்றால் 5 சதவீதம் குறைப்பதாகச் சொல்வார்கள். மேலே சொன்ன எந்தத் தகராறு வந்தாலும் கையில் காட்ட உங்களுக்கு ஒரு தாளும் இருக்காது. 850 ரூபாய்க்கு அது வேண்டாம்.

லோகோவை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். அது நசுங்கித்தான் வரும். அதைத் திரும்ப வரைய ஒரு தனிச் சார்ஜ் எழுதுவார்கள். கோரல் டிரா கோப்பையோ பி.டி.எஃப்.ஐயோ டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள். தமிழ் எழுத்து இருந்தால் அதை கர்வ்ஸ் ஆக மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பட்டறைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருக்காது, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும். ஃபிலிம் எடுத்தபிறகு பிழை கண்டுபிடித்தால் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு 400.

பிறகு, 60 என்று நிறுத்தாமல் 65ஆகச் சொல்லுங்கள். அடிக்கும்போது இரண்டு மூன்று பீஸ் வீணாகலாம், விழா நாளன்று வந்து நிற்கிறவர்களும் இருப்பார்கள். ஓடுகிற ஆர்டரில் சேர்த்தால் கூடுதல் பீஸுக்கு வெறும் 250ம் வரியும்தான். முடிந்தபிறகு கேட்டால் சட்டத்தைக் கழுவி வேறு படத்துக்கு எடுத்திருப்பார்கள், செட்டப் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த ஐந்தையும் எக்ஸ்.எல்., டபுள் எக்ஸ்.எல். ஆக எடுங்கள். 25 வருடம் ஆகியிருக்கிறது, எல்லோரும் கல்லூரியில் சொன்ன சைஸையே இப்போதும் சொல்வார்கள்.