வகிடு அகலமாகிறது, முடி காய்கிறது: மெனோபாஸுக்குப் பிறகு டாக்டரிடம் என்ன கேட்பது?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சீப்பில் அப்படி ஒன்றும் அதிகமாக முடி வருவதில்லை. ஆனால் வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகிறது. சடை பாதியாகிவிட்டது. இருக்கிற முடியும் துடைப்பம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. நான்கு மாதமாக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. தோல் மருத்துவரிடம் போனால் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது சீப்பைப் பற்றிய வரிதான். முடி அடர்த்தி இரண்டு விதமாகக் குறையும். ஒன்று, கொத்துக்கொத்தாகக் கொட்டுவது. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீரென்று எடை குறைவது போன்ற ஏதாவது நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து இது தொடங்கும். சீப்பு, தலையணை, குளியலறை என்று எங்கு பார்த்தாலும் முடியாகக் கிடக்கும். இன்னொன்று சத்தமே இல்லாமல் நடப்பது. வேர்க்கால் அங்கேயேதான் இருக்கும், ஆனால் சுருங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றிலும் முன்பைவிட மெலிந்த, குட்டையான முடியை முளைக்க வைக்கும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது முடி வளரும் காலமும் குறைகிறது. பெண் உடலிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கும் ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. பரம்பரையாக அதற்கு இளகிக் கொடுக்கும் வேர்க்கால்கள் உச்சந்தலையில்தான் அதிகம். அதனால்தான் முன் நெற்றியின் முடிக்கோடு அப்படியே இருக்க, நடு வகிடு மட்டும் விரிகிறது. உங்களுடையது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஓரிரண்டு வருடங்களில் பலருக்கு உதிரப்போக்கு தாறுமாறாக இருக்கும். அப்போது இழந்த இரும்புச்சத்து இன்னும் நிரம்பாமல் இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் உடலின் இரும்புக் கையிருப்பு. ஆய்வகத் தாளில் 15 இருந்தால்கூட 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும். முடியைப் பார்க்கும் மருத்துவர்கள் பலர் 30-க்குக் கீழே இருந்தாலே சரிசெய்யப் பார்ப்பார்கள். மாதவிடாய் நின்று நாளாகியும் இரும்பு குறைந்துகொண்டே போனால், அது முடிப் பிரச்சினையோடு முடிகிற விஷயமில்லை. குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

கூடவே தைராய்டு பரிசோதனை. முடி காய்வதும் மெலிவதும் தைராய்டு குறைவாகச் சுரப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். இந்த வயதில் அது சாதாரணமாக வருவதுதான், களைப்பு, எடை கூடுதல் என்று எல்லாமே மெனோபாஸ் தலையில் விழுந்துவிடும். இங்கேதான் உங்கள் பயோட்டின் குறுக்கே வருகிறது. முடிக்கென்று விற்கும் அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். இல்லாத தைராய்டு கோளாறை இருப்பதாகக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்த்ததாக நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால் முதலில் பேச வேண்டியது மினாக்சிடில், தலையில் பூசும் மருந்து. பெண்களுக்கு 2 சதவீதக் கரைசல் என்றால் ஒரு நாளில் இரண்டு முறை, 5 சதவீத நுரை என்றால் ஒரே முறை. முடி ஏற்கெனவே காய்ந்திருப்பதால் எது தோதுப்படும் என்று கேளுங்கள். கரைசலில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு உச்சந்தலையில் அரிப்பையும் செதிலையும் உண்டாக்கும். நுரையில் பொதுவாக அது இருக்காது. பூச வேண்டியது முடியில் அல்ல, வகிட்டுத் தோலில். தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பூசிவிட்டால் தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே பூனைமுடி வளராது. பூனை என்றதும் ஞாபகம் வருகிறது: வீட்டில் பூனை வளர்த்தால் அவசியம் சொல்லுங்கள், இந்த மருந்து அதன் உயிருக்கே ஆபத்து.

என்னிடம் வந்த 53 வயதுப் பெண் ஒருவர் நான்காவது வாரம் முடிவதற்குள் மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். 'இருந்ததும் போச்சு டாக்டர்' என்றார். தினமும் 40, 50 முடி உதிர்ந்தது போய் 150 ஆகியிருந்தது. உண்மையில் மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததற்கான அறிகுறி அது. ஓய்வில் இருந்த பழைய முடியைப் புது முடி தள்ளிவிடுகிறது. சில வாரத்தில் அடங்கிவிடும். இதை முதல் நாளே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், என் தப்பும் உண்டு. மறுபடி தொடங்கினார். மூன்றாவது மாதம் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆறாவது மாதம் வகிட்டோரம் ஒரு அங்குல நீளத்தில் குச்சிகுச்சியாகப் புதுமுடி நின்றது. ஒரு வருடத்தில் வகிடு ஏறக்குறைய பாதி அகலத்துக்கு வந்தது, 20 வயதுச் சடை வரவில்லை. நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே போய்விடும் என்பதையும் தெரிந்துதான் இன்றும் பூசுகிறார்.

தினமும் பூச முடியாதவர்களுக்கு அதே மினாக்சிடிலைக் குறைந்த அளவு மாத்திரையாகக் கொடுப்பதும் உண்டு. அது ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. கால் வீக்கம், படபடப்பு, முகத்தில் முடி வரலாம். இதய நோய் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் ஒரு வழி. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டேதான் தர வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சையை முடிக்காக மட்டும் யாரும் தொடங்குவதில்லை. உடல் கொதிப்பு, தூக்கமின்மைக்காக எடுப்பதாக இருந்தால், அதில் ஈஸ்ட்ரோஜனோடு சேர்க்கும் புரொஜெஸ்டோஜன் என்ற ஹார்மோன் எந்த வகை என்று கேளுங்கள். அவற்றில் சில ஆண்ட்ரோஜன் குணம் கொண்டவை. மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் இந்தப் பேச்சை உங்கள் புற்றுநோய் மருத்துவரோடுதான் தொடங்க வேண்டும்.

வறட்சி இதைவிடச் சுலபம். உச்சந்தலையில் எண்ணெய் சுரப்பது குறைந்துவிட்டது, முடியும் மெலிந்துவிட்டது. அதனால் ஷாம்பூ தலைத்தோலுக்கு மட்டும், கண்டிஷனர் காதுக்குக் கீழே இருக்கும் முடிக்கு, இரண்டு நிமிடம் விட்டு அலசுங்கள். டிரையரின் சூட்டைக் குறையுங்கள். காய்ந்த முடி பாதியில் ஒடிவதும் சடையை ஒல்லியாக்கும்.

நெற்றி முடிக்கோடு பின்னால் நகர்ந்து, புருவமும் மெலிந்து, அந்தத் தோல் வழுவழுப்பாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். அது வேர்க்காலையே தழும்பாக்கும் வேறு நோய், போனது திரும்பாது. முகத்தில் தடித்த முடியும் குரலில் கரகரப்பும் சில மாதங்களுக்குள் வந்தாலும் காத்திருக்கக் கூடாது, உடனே ஹார்மோன் அளவைப் பார்க்க வேண்டும்.

போகும்போது ஒரு படம் எடுத்துப் போங்கள். தலை காய்ந்திருக்கும்போது நடு வகிடு எடுத்து, ஜன்னல் பக்கம் நின்று, மேலிருந்து எடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். மருந்து பலிக்கிறதா என்பதைக் கண்ணாடியைவிட அந்தப் படங்கள்தான் சரியாகச் சொல்லும்.