e எங்கிருந்து வருகிறது, இயற்கை மடக்கையில் எது இயற்கை: கேள்வி பதில்

கேள்வி: அசல் 1, ஆண்டு வட்டி 100 சதவீதம். வட்டி சேர்க்கும் தவணைகளைக் கூட்டிக்கொண்டே போனால் தொகையும் கூடிக்கொண்டேதானே போக வேண்டும்? ஏன் 2.718-இல் நின்றுவிடுகிறது?

கூடிக்கொண்டேதான் போகிறது, ஆனால் கூடும் அளவு சுருங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 2. இரண்டு முறை சேர்த்தால் 2.25. மாதந்தோறும் 2.613, தினமும் 2.7146. ஏன் சுருங்குகிறது என்பதைப் பார்க்க, ஆண்டு முடிவில் கையில் இருக்கும் பணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிரியுங்கள்.

முதலில் அசல், 1. அடுத்து அசல் ஈட்டிய வட்டி. தவணையை எப்படி வெட்டினாலும் ஆண்டு முழுவதற்கும் அது 1-தான். இதில் ஒரு காசு கூடாது. மூன்றாவது, அந்த வட்டி ஈட்டிய வட்டி. தவணை வெட்டுவதன் பலன் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு தவணையில் இது 0.25, மாதத் தவணையில் 0.458, தினத் தவணையில் 0.4986. எவ்வளவு நறுக்கினாலும் 0.5-ஐத் தாண்டாது. காரணம் எளிது: முதல் வட்டி ஆண்டுத் தொடக்கத்தில் 0, முடிவில் 1; சீராக வளர்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் சராசரியாக அரைப் பங்குதான் கையில் இருந்து வட்டி ஈட்டியிருக்கிறது. அதற்கடுத்த தலைமுறை இன்னும் தாமதமாகப் பிறக்கிறது. அதன் உச்சவரம்பு 1/6. பிறகு 1/24, 1/120. ஒவ்வொன்றும் முந்தையதை 4-ஆல், 5-ஆல், 6-ஆல் வகுத்த அளவுதான். எல்லாவற்றையும் கூட்டினால் 2.71828... அதுதான் e. 1683-இல் யாக்கோபு பெர்னூலி இதே வட்டிக் கேள்வியை எடுத்துக்கொண்டு, விடை 2.5-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும் என்று காட்டினார்.

கேள்வி: தினமும் என்பதை விட்டுவிட்டு வினாடிக்கு ஒருமுறை சேர்த்தால்?

e-க்கும் அதற்கும் 0.00000004 அளவே வேறுபாடு. n தவணை என்றால் குறை ஏறத்தாழ e/(2n). இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் நிமிடம், மணி எல்லாவற்றுக்கும் நீங்களே விடை கண்டுவிடலாம்.

கேள்வி: n தவணை என்றால் தொகை (1 + 1/n)^n. n முடிவிலி ஆனால் 1/n பூஜ்யம். 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1. அப்படியானால் விடை 1 அல்லவா?

இல்லை. அடைப்புக்குள் இருக்கும் n-ஐ முதலில் முடிவிலிக்கு அனுப்பிவிட்டு, அடுக்கில் இருக்கும் n-ஐப் பிறகு அனுப்பக் கூடாது. இரண்டும் ஒரே n; சேர்ந்துதான் நகரும். வட்டி சிறுக்கும் அதே வேகத்தில் தவணை பெருகுகிறது.

கேள்வி: கணினியில் n = 10^15 என்று போட்டேன், 3.035 வந்தது. 10^16 போட்டால் 1 வருகிறது. e-யின் மதிப்பே தவறோ?

e சரிதான்; கணினிதான் உங்கள் வட்டியை மாற்றிவிட்டது. வழக்கமான கணினி எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களுக்குத்தான் இடம். 1-உடன் 10^-15-ஐக் கூட்டும்போது அது அப்படியே தங்காமல், அருகில் எழுதக்கூடிய 1.1102 × 10^-15 ஆக நகர்ந்துவிடுகிறது. நீங்கள் கணக்கிட்டது e^1.1102, அது 3.035. 10^16-இல் வட்டி முழுதாகக் கரைந்து வெறும் 1 மிஞ்சுகிறது. n-ஐக் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக்காதீர்கள். 1/2, 1/6, 1/24 என்று தலைமுறைகளைக் கூட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு உறுப்புகளிலேயே எட்டு இலக்கம் கிடைத்துவிடும்.

கேள்வி: என் கடனுக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. இதில் e எங்கே வருகிறது?

வரவில்லை. அசல் குறையாமல் ஓராண்டு வட்டி ஏறினால் 12.68 சதவீதம், நொடிதோறும் ஏறினால் 12.75. மாதத் தவணை கட்டி அசலைக் குறைத்து வருகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. கடன் கொடுத்தவரின் அட்டவணையைப் பாருங்கள்.

கேள்வி: e-ஐ அடிமானமாக வைத்து மடக்கையைக் கண்டுபிடித்தவர் நேப்பியர்தானே? 2-ஐயோ 10-ஐயோ விட்டுவிட்டு இந்த விகிதமுறா எண்ணை ஏன் "இயற்கை" என்கிறார்கள்?

முதல் பாதி அரைகுறை உண்மை. மடக்கை நேப்பியருடையது, 1614. அந்த அட்டவணையில் e என்ற எண் இல்லை. அடிமானம் என்ற எண்ணமே அப்போது இல்லை. e என்ற எழுத்து 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் வைத்தது.

இரண்டாம் பாதிக்கு, மடக்கை அட்டவணையை நீங்களே செய்து பாருங்கள். 1-இல் தொடங்கி ஒவ்வொரு படியிலும் 1.001-ஆல் பெருக்குங்கள். அதுவும் கூட்டு வட்டிதான். 693-ஆம் படியில் 1.999, அடுத்த படியில் 2.001, ஆக 2-ஐத் தொட 693.5 படி. 3-ஐத் தொட 1099.2 படி. இரண்டையும் கூட்டுங்கள், 1792.7, 6-ஐத் தொட அத்தனை படிதான். பெருக்கல் கூட்டலாகிவிட்டது. ஒவ்வொரு படியும் ஆயிரத்தில் ஒரு பங்கு வளர்ச்சி என்பதால் படியின் எடையையும் 0.001 என்றே வையுங்கள். 2-க்கு 0.6935, 3-க்கு 1.0992. இயற்கை மடக்கை 0.6931, 1.0986. படியை இன்னும் நுணுக்கினால் இந்தச் சிறு வேறுபாடும் மறைகிறது.

இதில் e-ஐ யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் படி ஏறி மொத்த எடை 1 ஆகும் இடம் எது என்று கேட்டால் 1.001^1000 = 2.7169. மேலே பார்த்த வட்டிக் கணக்கே இங்கே தானாக வந்து நிற்கிறது. 1620-இல் யோஸ்ட் பியூர்கி 1.0001 என்ற விகிதத்தில் இதே போல் ஒரு அட்டவணை வெளியிட்டார். அதில் 10-ஐத் தொட 23027 படி. 10-இன் இயற்கை மடக்கை 2.302585. e-க்குப் பெயர் கிடைப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அது அங்கே உட்கார்ந்திருக்கிறது!

கேள்வி: சங்கின் சுருளில் e இருப்பதால்தான் இயற்கை மடக்கை என்று படித்தேனே?

அந்தச் சுருளை எந்த அடிமானத்திலும் எழுதலாம். பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: உங்கள் வாதத்தை ஏற்க மாட்டேன். நான் கணினித் துறை. 2-க்கு மடக்கை 1 என்று வைப்பதுதான் எனக்கு இயற்கை. படிக்கு 0.001 எடை என்பதும் நீங்கள் வைத்ததுதானே?

நான் வைத்ததுதான். ஆனால் வேறு எடை வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2-க்கு 1 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு வளர்ச்சிக்கு 0.00144. 10-க்கு 1 என்றால் 0.00043. மாற்றம் எவ்வளவோ மடக்கையும் அவ்வளவே நகர்வது e-யில் மட்டும்தான். மற்றவற்றில் 1.44, 0.43 போன்ற ஒரு பெருக்கெண் எல்லா நுண்கணிதச் சூத்திரங்களிலும் ஒட்டிக்கொண்டே வரும்.

மறுபடியும் அவரே: சிறு மாற்றத்தை அளப்பவருக்கு அது சரி. ஆம்-இல்லைக் கேள்விகளை எண்ணுபவருக்கு?

அங்கே 2-தான் வசதி, மறுக்கவில்லை. சீராக வளர்வதோ தேய்வதோ இல்லாத இடத்தில் என் வாதத்துக்குப் பிடிமானம் குறைவு. ஆனால் அங்கேயும் வகையிடத் தொடங்கினால் 0.693 வந்து நிற்கும். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மறுபடியும் அவரே: வகையிடாமல் இருப்பேன்.

இருங்கள். நானும் e-ஐ விடுவதாக இல்லை.

கேள்வி: 1/x வளைகோட்டின் கீழ் உள்ள பரப்புதான் இயற்கை மடக்கை என்று பாடத்தில் வருகிறது. வட்டிக்கும் பரப்புக்கும் என்ன உறவு?

நல்ல கேள்வி, பெயரும் இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. 1647-இல் செயிண்ட் வின்சென்ட் என்ற கணிதர் இந்தப் பரப்பின் பண்பை வெளியிட்டார். 1668-இல் நிக்கோலஸ் மெர்கேட்டர் இந்த மடக்கையை இயற்கை மடக்கை என்று எழுதினார். வளைகோட்டின் கீழ், x-இலிருந்து 1.001x வரை ஒரு பட்டை வெட்டுங்கள். அகலம் 0.001x, உயரம் ஏறத்தாழ 1/x, பரப்பு 0.001. x எதுவானாலும் அதே பரப்பு, ஏனெனில் பட்டை அகலமாகும் அளவுக்கு உயரம் குறைகிறது. 1-இலிருந்து 2 வரை இப்படி எத்தனை பட்டை? நாம் ஏறிய அதே 693 படியும் அரையும்தான்.