மூன்று ஃபியூஸ் தெரிந்தால் த்ரீ ஃபேஸா? மீட்டர் பெட்டிப் படம் பற்றிய கேள்விகள்

கோத்தகிரியில் மாவு மில் வைக்க ஒரு கடை பிடித்தேன். உரிமையாளர் வாட்ஸ்அப்பில் மீட்டர் பெட்டிப் படம் அனுப்பி 'த்ரீ ஃபேஸ் இருக்குங்க' என்றார். மூன்று ஃபியூஸ் தெரிந்ததால் நம்பி முன்பணம் கொடுத்தேன். இப்போது எலக்ட்ரீஷியன், சிங்கிள் ஃபேஸ்தான் என்கிறார்.

உங்கள் மேல் தப்பில்லைம்மா. பொய் சொன்னவர் அவர். இதே பொய்க்கு நானும் பணம் கொடுத்திருக்கிறேன். குன்னூரில் ஒரு பட்டறை இடத்தை இப்படி ஒரு படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டு, த்ரீ ஃபேஸில் ஓடும் மரம் அறுக்கும் மெஷினையும் வாங்கிவிட்டேன். ஆறு மாதம் அது தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் ஃபியூஸிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் ஒரு சிறு கம்பி தாவிப் போகிறது. அதாவது ஒரே ஃபேஸைத்தான் முன்கடை, பின்அறை, மாடி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். உண்மையான த்ரீ ஃபேஸில் இப்படித் தாவுகம்பி இருக்காது. ஒவ்வொரு ஃபியூஸுக்கும் தனிக் கம்பி வரும், பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று.

இதையும்விட உறுதியான சாட்சி மீட்டரின் முகத்திலேயே அச்சாகியிருக்கிறது. த்ரீ ஃபேஸ் மீட்டரில் '3 Phase 4 Wire' என்றோ '3 × 240 V' என்றோ போட்டிருக்கும். எலக்ட்ரானிக் வகையாக இருந்தால் R, Y, B என்ற அடையாளங்களும் பெரும்பாலும் இருக்கும். உங்கள் மீட்டரில் 240 V மட்டும்தான். வாடகை விளம்பரத்தில் ஃபியூஸைக் காட்டி இந்த எழுத்தை ஓரமாக வெட்டிவிடுகிற வழக்கத்தைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. எழுத்து படிக்க முடியாத மீட்டர் படத்தை வைத்து யாரும் பணம் கொடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். தன் செலவில் த்ரீ ஃபேஸுக்கு மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அவருக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு.

வாங்கப்போகும் வீட்டில் எண்கள் உருளும் மீட்டர் இருக்கிறது. அப்படியானால் பழைய அனலாக்தானே?

எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே முழுக்க எலக்ட்ரானிக்காக இருந்து, எண் மட்டும் உருளையில் ஓடுகிற மீட்டர்களும் உண்டு. எண்ணுக்குக் கீழே கண்ணாடி வழியாக, படுக்கைவாட்டில் ஒரு மெல்லிய அலுமினியத் தட்டின் விளிம்பும் அதில் ஒரு கறுப்பு அல்லது சிவப்புக் கோடும் தெரிந்தால் அது பழைய வகை. முகத்தில் rev/kWh என்று இருக்கும், அதாவது ஒரு யூனிட்டுக்குத் தட்டு எத்தனை சுற்று என்ற கணக்கு. தட்டு இல்லாமல் ஒரு சிறு சிவப்பு விளக்கும் imp/kWh என்ற எழுத்தும் இருந்தால் எலக்ட்ரானிக்.

படம் இணைத்துள்ளேன். என்ன மீட்டர் என்று உடனே சொல்லவும். அவசரம்.

ஃபிளாஷ் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, வேறு படம் அனுப்புங்கள். நம் ஊர் மூடுபனியில் கண்ணாடி வேர்த்திருக்கும், முதலில் துடையுங்கள். ஃபிளாஷை அணைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, சற்றுச் சாய்வாக எடுங்கள்.

குன்னூரில் ஹோம்ஸ்டே. சிங்கிள் ஃபேஸ் மீட்டரில் 5-30 A என்று இருக்கிறது. மூன்று கீசர், இரண்டு ரூம் ஹீட்டர் போடலாமா? எல்லாமே 2 கிலோவாட்.

ஐந்தையும் சேர்த்துப் போட்டால் தாங்காது. மொத்தம் 10 கிலோவாட். 10,000-ஐ 240-ஆல் வகுத்தால் சுமார் 42 ஆம்பியர். உங்கள் மீட்டரின் மேல்வரம்பு 30, அதாவது 7.2 கிலோவாட். குளிர்ந்த காலையில் விருந்தினர் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் குளிப்பார்கள். இதே ஐந்தும் த்ரீ ஃபேஸில் 2, 2, 1 என்று பிரிந்தால் ஒரு ஃபேஸுக்கு அதிகபட்சம் சுமார் 17 ஆம்பியர்தான்.

ஆனால் அந்த 30 மீட்டரின் வரம்பு மட்டுமே. வாரியம் உங்களுக்கு அனுமதித்த சுமை அதைவிடக் குறைவாக இருக்கலாம், அதை எந்தப் படமும் சொல்லாது. சர்வீஸ் நம்பரைக் கொண்டுபோய் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டு கீசர் வாங்குங்கள்.

மீட்டரின் அடிமூடியைத் திறந்து கம்பிகளை எண்ணிப் பார்க்கலாமா?

கூடாது. அது வாரியம் சீல் வைத்த மூடி, உள்ளே மின்சாரமும் ஓடிக்கொண்டிருக்கும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கம்பியைக் கீழே நின்றே எண்ணுங்கள்: தனித்தனிக் கம்பியாக வந்தால், இரண்டு என்றால் சிங்கிள், நான்கு என்றால் த்ரீ. எல்லாம் ஒரே கேபிளுக்குள் போனால் அந்த எண்ணிக்கை உதவாது. மீட்டர் முகத்தைப் படியுங்கள்.