முதலில் வாய் திறப்பவருக்குத்தான் முழு விலக்கு

கேள்வி: புறக்கோட்டையில் மிளகு ஏற்றுமதி செய்கிறோம், சென்னையில் கிளைக் கம்பனி இருக்கிறது. அங்கே என்ன விலைக்குக் கொடுப்பது என்று இன்னும் மூன்று பேருடன் பேசி வைத்துத்தான் விற்கிறோம். அதில் ஒருவர் இப்போது முறைத்துக்கொண்டு நிற்கிறார். அதிகாரிகளிடம் முதலில் போய்ச் சொன்னால் அபராதமே இல்லையாம். பணம் தந்தால் டில்லியில் முதல் இடம் பிடித்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: சலுகை உண்மை, தரகர் பொய்.

பேச்சு கொழும்பில் நடந்திருந்தாலும் விலை உயர்வு இந்தியாவில் விழுந்தால், வியாபாரிகள் கூடி விலை பேசுவதைத் தடுக்கும் இந்தியப் போட்டி ஆணையம் விசாரிக்கலாம். கூட்டு நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த ஆண்டு இலாபத்தின் மூன்று மடங்கு வரை, அல்லது விற்பனை வரவின் 10 வீதம் வரை, எது பெரிதோ அதுவரை அபராதம் விதிக்க முடியும். முதலில் சொல்பவருக்கு இது முழுவதும் தள்ளுபடியாகலாம். இரண்டாமவருக்குப் பாதி வரை, அதற்குப் பின்னால் வருபவர்களுக்கு 30 வீதம் வரை.

கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 10 கோடி அபராதம் என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் வாய் மூடி இருந்து யாரும் கண்டுபிடிக்காவிட்டால் எல்லோருக்கும் இலாபம். ஒருவர் போய்ச் சொன்னால் அவருக்குப் பூச்சியம், உங்களுக்கு 10 கோடி. நீங்கள் முந்தினால் இது அப்படியே தலைகீழ். தனித்தனி அறையில் விசாரிக்கப்படும் இரண்டு கைதிகளின் நிலை இதுதான். மற்றவன் பேசமாட்டான் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மௌனம் இலாபம், அது ஆடத் தொடங்கிய நாளிலிருந்து மௌனம் நட்டம். உங்களில் ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால் அந்த நாள் வந்துவிட்டது.

இந்தியாவில் பற்றரி வழக்கில் நடந்ததும் இதுதான். முதலில் போனது பானசோனிக். 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தபோது அதன் அபராதம் முழுவதும் நீக்கப்பட்டது. பின்னால் போன எவரெடிக்கு 30 வீதமும் நிப்போவுக்கு 20 வீதமும்தான் குறைந்தன. அப்படிக் குறைத்த பிறகும் எவரெடி கட்ட வேண்டியிருந்தது 171 கோடி இந்திய ரூபாய்.

ஒரு நிபந்தனையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் விழுவது இதில்தான். முதல் ஆளாக இருந்தால் மட்டும் போதாது. ஆணையத்தின் கையில் ஏற்கெனவே இல்லாததை நீங்கள் கொடுக்க வேண்டும். ரயில்வேக்கு மின்விசிறி விற்றவர்களின் வழக்கில், 2017 ஜனவரியில், முதலில் சொன்ன கம்பனிக்குக் கிடைத்தது 75 வீதம்தான், 100 அல்ல. அது வந்தபோது விசாரணை தொடங்கி, சான்றுகளும் ஓரளவு கையில் இருந்தன. அதாவது நேரம்தான் விலை. விசாரணை அறிக்கை ஆணையத்துக்குப் போய்விட்டால் கதவும் மூடிவிடும். சரி, உங்களிடம் என்ன சரக்கு இருக்கிறது? விலை பேசிய மின்னஞ்சல், வட்ஸ்அப் குழு, எந்தத் தேதியில் யார் யார் சந்தித்தீர்கள் என்பது. பயத்தில் அந்தக் குழுவை அழித்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குத் தலைவலிதான். அவர்கள் அழித்தது தங்கள் விலக்கையே.

இனித் தரகர். வரிசையில் இடம் என்பது உங்கள் சட்டத்தரணி ஆணையத்தின் அதற்குரிய அதிகாரியைத் தொடர்புகொண்டு, பெயர், பொருள், கூட்டின் சாரம் ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவது. அதன்பின் குறித்த நாட்களுக்குள் முழு விபரமும் கொடுக்க வேண்டும். இதில் இடைத்தரகருக்கு வேலையே இல்லை. இன்னும் மோசம், இதே கதையை அவர் உங்கள் மூன்று பங்காளிகளிடமும் சொல்லியிருக்கலாம். காசு கொடுத்து உங்கள் எண்ணத்தைப் போட்டியாளருக்கு அறிவிக்கிறீர்கள். குழுவை விட்டுக் கோபத்தோடு வெளியேறுவதும் அதே அறிவிப்புத்தான். முதலில் விண்ணப்பம், பிறகு ஆணையம் சொல்கிறபடி விலகல்.

விண்ணப்பத்தில் பணிப்பாளர், விற்பனை முகாமையாளர் என்று கையை நனைத்தவர்களின் பெயர்களையும் சேருங்கள். தனியாட்களுக்கும் அபராதம் உண்டு.

இதே விடயத்தை இலங்கையில் ஒப்புக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது. நம்முடைய 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில், முதலில் சொன்னவருக்கு விலக்கு என்று ஒரு ஏற்பாடு இல்லை. அதிகார சபை பலசரக்குக் கடைகளில் அதிகபட்ச சில்லறை விலையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, விலை பேசுபவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1978 முதல் சலுகை இருந்தும், அது அதிகாரியின் விருப்பமாக இருந்தவரை ஆண்டுக்கு ஒருவர் வருவதே பெரிது. 1993 இல் விசாரணைக்கு முன் முதலில் வந்தால் நிச்சயம் என்று எழுதிவிட்டார்கள், அதன்பின் மாதம் ஒருவருக்கு மேல் வந்தார்கள். நமது ஆட்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் எட்டவில்லை.

இந்தியப் போட்டிச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரை இன்றைக்கே பிடியுங்கள். அலுவலகத் தொலைபேசியில் பேசவேண்டாம்.