12 மி.மீ. விரிப்பில் ஏன் தள்ளாடுகிறது?

"1 கிலோ எடையுள்ள 12 மி.மீ. யோகா விரிப்பு வாங்கினேன். ஒற்றைக் காலில் நின்றால் தள்ளாடுகிறது. அடுத்து வாங்கிய 5 மி.மீ. ரப்பர் விரிப்பில் வாடை போகவில்லை, வெயிலில் காயப்போடலாமா? '150 கிலோ தாங்கும்' என்ற மடக்கு பெஞ்சையும் பார்த்து வைத்திருக்கிறேன். என் எடை 78 கிலோ, உயரம் 170 செ.மீ., இடம் 8 அடிக்கு 6 அடி. சரிவருமா?"

தடிமனை மட்டும் வைத்து விரிப்பை எடைபோட முடியாது. தடிமனுக்குப் பக்கத்தில் எடையையும் பாருங்கள். 183 செ.மீ. நீளமும் 61 செ.மீ. அகலமும் உள்ள 12 மி.மீ. விரிப்பின் கன அளவு ஏறக்குறைய 13 லிட்டர். அது 1 கிலோதான் என்றால் ஒரு லிட்டருக்கு 75 கிராம் பொருள்கூட இல்லை. மீதியெல்லாம் காற்றுக் குமிழ்கள். அதே நீள அகலத்தில் 5 மி.மீ. ரப்பர் விரிப்பு பெரும்பாலும் 2.5 கிலோ இருக்கும். அதாவது லிட்டருக்கு 450 கிராம், ஏறத்தாழ ஆறு மடங்கு அடர்த்தி. மென்மையான நுரையில் ஒற்றைக் காலில் நிற்கும்போது முழு எடையும் ஒரு பாதத்தின் கீழ் குவிகிறது. குதிகால் ஒரு பக்கம் அமிழ, கணுக்கால் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கிறது. உங்கள் தள்ளாட்டத்துக்குக் காரணம் இதுதான். உங்கள் சமநிலையில் குறை இருப்பதாக நினைத்து வருந்த வேண்டாம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தரை கைக்குத் தட்டுப்பட்டால், அந்த 12 மி.மீ. உங்கள் எடையின் கீழ் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்.

அதற்காக அதைத் தூக்கி எறியாதீர்கள். மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்கு அது இதமானது. முழங்கால் ஊன்றும் ஆசனங்களில் மடித்துக் காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். நின்று செய்வதையெல்லாம் ரப்பர் விரிப்புக்கு மாற்றுங்கள்.

அந்த ரப்பர் விரிப்பை வெயிலில் மட்டும் போடாதீர்கள். இயற்கை ரப்பரைப் பதப்படுத்தும்போது கந்தகம் சேர்ப்பார்கள். புதிதில் வரும் காட்டமான வாடையில் பெரும்பங்கு அந்த வேலையில் உண்டாகும் சேர்மங்களுடையது. வெயில் அதைச் சற்று விரைவாக வெளியேற்றலாம், ஆனால் புற ஊதாக் கதிர் ரப்பரின் மேற்பரப்பை வெடிக்கச் செய்து பொடியாக உதிர வைத்துவிடும். நிழலில், காற்று வரும் இடத்தில், சுருட்டாமல் இரு பக்கமும் காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம்; ஊறவைக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரங்களில் மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரியும் என்ற அளவுக்கு வாடை இறங்க வேண்டும். இறங்காமல் கண் எரிச்சலோ தலைவலியோ தொடர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் வாடை போனாலும் அது அவருக்கு ஆகாது.

பெஞ்சுக்கு வருவோம். 150 கிலோ என்பது உங்கள் உடல் எடை மட்டுமா, கையில் பிடிக்கும் எடையும் சேர்ந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் இரண்டும் சேர்ந்தது என்றே கொள்ளுங்கள். 78 கிலோவோடு 20 கிலோ டம்பெல் இரண்டு சேர்ந்தால் 118 கிலோ, பயமில்லை. 30 கிலோ டம்பெல் இரண்டு என்றால் 138 ஆகிவிடும். எடையை இறக்கி மீண்டும் மேலே தள்ளும் கணத்தில் பெஞ்சின் மேல் விழும் விசை, அசையாமல் படுத்திருப்பதைவிடக் கூடுதல். ஆகவே 120 கிலோவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். சாய்வு நிலைக்கான வரம்பைத் தனியாகக் கேளுங்கள். அங்கே முதுகுப் பலகையின் சுமை பெரும்பாலும் ஒரு கொண்டி ஊசியிலோ ஒரு தாங்கு கம்பியிலோ போய் நிற்கிறது. அதில் ஆட்டமோ வளைவோ தெரிந்தால் அந்த பெஞ்ச் வேண்டாம். வாங்கிய பிறகு அதை யோகா விரிப்பின் மேல் வைக்காதீர்கள். நுரையில் ஒரு கால் அமிழ்ந்தாலே பெஞ்ச் சாயும். ரப்பரிலோ கால்கள் பள்ளம் பதிக்கும். வெறும் சமதரையோ கெட்டியான ரப்பர் ஓடுகளோ போதும்.

இடம் போதும், ஆனால் விரிப்பு, பெஞ்ச் இரண்டையும் ஒரே நேரத்தில் விரிக்க முடியாது. படுத்துக் கைகளைத் தலைக்கு மேல் நீட்டினால் உங்களுக்கு ஏறக்குறைய 215 செ.மீ. வேண்டும், 8 அடி என்பது 244. கைகளைப் பக்கவாட்டில் விரித்தால் ஏறத்தாழ உங்கள் உயரமே அகலம், அதாவது 170. உங்களிடம் 183 இருக்கிறது. விரிப்பைச் சரியாக நடுவில் போட்டால்தான் விரல் சுவரில் இடிக்காது. பெஞ்சையும் 8 அடி நீளவாக்கில் நடுவில் வையுங்கள். கை சோர்ந்து டம்பெல்லை நழுவவிட நேர்ந்தால் இரு புறமும் இரண்டடிக்கு மேல் வெறுந்தரை இருக்கும்.