விவாகரத்து வழக்கு இருந்தால் நிலத்தை விற்க முடியாதா?

"என் கணவர் போட்ட விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மன்னார்குடி பக்கம் ஆறு மா நஞ்சை அவர் பெயரில் இருக்கிறது. என் நகையை விற்ற பணத்தையும் சேர்த்துத்தான் வாங்கினோம். குடியிருக்கும் வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. இப்போது தரகர் ஆட்களைக் கூட்டி வந்து வயலைக் காட்டுகிறார். வழக்கு முடியும் முன்பே அவரால் விற்க முடியுமா?"
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

முடியும், சகோதரி. விவாகரத்து மனு திருமண உறவைப் பற்றியது. நிலம் யாருக்கு என்ற கேள்வி அதில் இல்லை. வழக்கில் இருக்கும் சொத்தை வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. ஆனால் அந்தச் சொத்தின் உரிமையே வழக்கில் இருந்தால்தான் அது பொருந்தும். அதனால் நிலத்தில் உங்கள் பங்கைக் கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே தனியாக ஒரு வழக்குப் போடுங்கள். கூடவே, விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று இடைக்காலத் தடை கேட்டும் மனுப் போடுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது கட்டளை அதற்கு இடம் தருகிறது.

நிலம் அவர் பெயரில் இருப்பதால், உங்கள் பணம் அதில் போனது என்பதை முதல் பார்வையிலேயே காட்ட வேண்டும். நகை விற்ற ரசீது, அந்தப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பக்கம், கிரயப் பத்திரத்தின் தேதி மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். தேதிகள் ஒட்டி வந்தால் அதுவே பெரிய பலம். ரசீது தொலைந்திருந்தால் நகைக்கடையில் நகல் கேட்டுப் பாருங்கள். தரகர் வந்ததைப் பார்த்த பக்கத்து வயல்காரர் பிரமாண வாக்குமூலம் தந்தால், அவசரம் உண்மை என்று தெரியும். நிலம் அவருடைய பூர்வீகச் சொத்தாக இருந்திருந்தால் இந்த வழி உங்களுக்குக் கிடைக்காது.

மனுவில் சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் பத்திரத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஒரு உட்பிரிவு எண் தவறினாலும், கையில் தடை உத்தரவு இருந்தும் பதிவு நடந்துவிடலாம்.

விற்பனை மிக நெருங்கிவிட்டால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே கோர்ட் தடை தரலாம். அப்படிக் கிடைத்தால் மனு, ஆவணங்களின் நகல்களை அன்றைக்கோ மறுநாளோ கணவருக்கு அனுப்பியே ஆக வேண்டும். இதில் கோட்டை விட்டால் தடை நீங்கவும் கூடும். உத்தரவின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கடன் வாங்குவார் என்ற பயம் இருந்தால் வங்கிக்கும் ஒன்று கொடுங்கள். தடையை மீறினால் சொத்து ஜப்தியும், மூன்று மாதம் வரை சிவில் சிறையும் உண்டு.

வீட்டைப் பொறுத்தவரை, உங்கள் கையெழுத்து இல்லாமல் உங்கள் பங்கை அவரால் விற்க முடியாது. தன் பங்கை மட்டும் விற்கலாம். அதற்கும் தடை கேளுங்கள். அப்புறம், எப்போதாவது அவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் உங்கள் கையெழுத்து இல்லாமலே உங்கள் பங்கும் போய்விடும். முதலில் அதை ரத்து செய்து பதியுங்கள். பதிந்ததைப் பதிவுத் தபாலில் அவருக்கும் தெரிவியுங்கள்.